டிவி அட்டைப்பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு 32 இன்ச் டிவி வாங்கினேன். அட்டைப்பெட்டியில் பெரிதாக 'ஃபுல் எச்டி சப்போர்ட்' என்று போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து லேப்டாப்பை இணைத்தேன். லேப்டாப் 1920 × 1080 என்று காட்டியது, டிவியும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எக்செல் கட்டங்களில் இருந்த எண்களின் ஓரம் கசிந்த மாதிரி இருந்தது. 6 எது, 8 எது என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. கேபிளை மாற்றினேன், செட்டிங்கைப் புரட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கூட வந்த கையேட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே பொடி எழுத்தில் இருந்தது: பேனல் ரெசல்யூஷன் 1366 × 768.

பெட்டியில் போட்டிருந்தது பொய் இல்லை. 'சப்போர்ட்' என்றால் அந்த அளவுள்ள படத்தை டிவி வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். அத்தனை புள்ளிகள் திரையில் இருக்கின்றன என்று அர்த்தமில்லை. வாங்கிக்கொண்ட படத்தைச் சுருக்கித் தன் 1366 புள்ளிகளுக்குள் அடைத்துக் காட்டும். சுருக்கும்போது ஒரு எழுத்தின் கோடு ஒரு புள்ளியில் பாதி, அடுத்ததில் பாதி என்று விழுகிறது. அந்தக் கசிவு அதனால்தான்.

போன தீபாவளிக்குத் திருச்சியில் அக்கா வீட்டுக்கு டிவி வாங்கப் போனபோது இதே வார்த்தை இன்னொரு பெட்டியில் கண்ணில் பட்டது. அன்று மூன்று பெட்டிகளை வைத்து நாங்கள் கணக்குப் பார்த்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை டிவி வாங்குகிறவர்கள் இதே வரிசையில் செய்து பார்க்கலாம்.

முதலில் பிக்சல் என்றால் என்ன என்று பார்த்துவிடுங்கள்

திரையில் வெள்ளையான ஒரு படத்தை வைத்துவிட்டு ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டிப் பிடியுங்கள். மொபைலில் மேக்ரோ கேமரா இருந்தால் அதுவும் போதும். வெள்ளை எங்குமே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மெல்லிய பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பிக்சல். மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் தூரத்திலிருந்து வெள்ளை, சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தால் மஞ்சள். ஓஎல்இடி டிவி சிலவற்றில் நான்காவதாக ஒரு வெள்ளைப் பட்டையும் இருக்கும், அதையும் அதே பிக்சலோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரெசல்யூஷன் என்பது இந்தப் பிக்சல்கள் குறுக்கே எத்தனை, மேலிருந்து கீழே எத்தனை என்ற கணக்கு. கடையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மூன்றுதான். எச்டி ரெடி என்றால் 1366 × 768, மொத்தம் சுமார் 10 லட்சம் பிக்சல். ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080, சுமார் 20 லட்சம். 4கே அல்லது அல்ட்ரா எச்டி என்றால் 3840 × 2160, சுமார் 83 லட்சம். 8கே என்று ஒன்று உண்டு. வீட்டு டிவிக்கு அதை இப்போதைக்கு மறந்துவிடலாம், அந்தத் தரத்தில் பார்க்க நிகழ்ச்சிகளே கிட்டத்தட்ட இல்லை.

இந்தப் பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1080 என்பது மேலிருந்து கீழே எண்ணியது. 4கே என்பது குறுக்கே எண்ணியது, 3840-ஐத்தான் நாலாயிரம் என்று தாராளமாகச் சொல்கிறார்கள். அதனால் 1080-லிருந்து 4000-க்குப் போவதுபோல, நாலு மடங்கு கூர்மை கூடுவதுபோல மனசில் படுகிறது. நிஜத்தில் குறுக்கே இரண்டு மடங்கு, கீழ்நோக்கி இரண்டு மடங்கு. ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நாலு பிக்சல். ஒரு கோட்டின் கூர்மை கூடுவது இரண்டு மடங்குதான்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் டேப் பிடியுங்கள்

டிவி மாட்டப்போகும் சுவரிலிருந்து உட்காரும் இடம் வரை எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சோஃபாவை மட்டும் அளந்தால் போதாது. வீட்டில் எல்லோரையும்விடக் கிட்டே உட்கார்ந்து பார்ப்பவர் எங்கே உட்காருகிறார் என்றும் பாருங்கள். அக்கா வீட்டில் சோஃபா எட்டரை அடியில் இருந்தது. ஆனால் பிள்ளைகள் இரண்டு பேரும் சோஃபாவில் உட்காருவதே இல்லை. பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தப் பாய் ஐந்து அடியில் இருந்தது.

இந்தத் தூரம் எதற்கு என்றால், பிக்சல் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் இதை வைத்துத்தான். கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக்கொடுக்கும் பார்வைக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் கோணத்துக்குள் இரண்டு புள்ளிகள் அடங்கிவிட்டால், கண் அவற்றை ஒன்றாகத்தான் பார்க்கும். இதிலிருந்து ஒரு சுலபமான கணக்கு வருகிறது. ஃபுல் எச்டி டிவியாக இருந்தால் இன்ச் அளவை 0.13-ஆல் பெருக்குங்கள். வருவது அடி. அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் பிக்சல் தனித்தனியாகத் தெரியாது. 4கே டிவிக்கு அதில் பாதி.

43 இன்ச் ஃபுல் எச்டிக்குப் போட்டுப் பாருங்கள்: 43 × 0.13 = 5.6 அடி. அதே 43 இன்ச் 4கே என்றால் 2.8 அடி. ஆக, அக்கா வீட்டுச் சோஃபாவிலிருந்து பார்க்கும் மாமாவுக்கு 43 இன்ச்சில் ஃபுல் எச்டியும் 4கேவும் ஒன்றுதான். கூர்மையில் வித்தியாசம் தெரியக் கண்ணால் முடியாது. பாயில் படுத்திருக்கும் பிள்ளைகள் ஐந்தடியில் இருக்கிறார்கள், 5.6-க்கு உள்ளே. கார்ட்டூனில் சாய்வான கோடுகள் படிப்படியாக இருப்பது அவர்களுக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. இந்த எல்லையைக் கோடு கிழித்தாற்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் கூர்மையானவர்களுக்குக் கொஞ்சம் தள்ளியும் தெரியும், கண்ணாடி போட மறந்தவர்களுக்குக் கிட்டே வந்தாலும் தெரியாது.

இதைச் சொன்னால் பலரும் கேட்பது, "அப்புறம் ஷோரூமில் 4கே மட்டும் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே?" என்றுதான். அங்கே நீங்கள் நிற்பது மூன்றடி தூரத்தில். ஓடுவது அந்தக் கம்பெனியே 4கேயில் எடுத்த விளம்பரப் படம், கிளியின் இறகும் தேன் சொட்டுவதும். பிக்சர் மோடும் 'விவிட்' என்பதில் இருக்கும், வெளிச்சமும் நிறமும் ஏற்றியபடி. பளிச்சென்று தெரிவதில் பாதிக்கு மேல் நிறத்தாலும் வெளிச்சத்தாலும் வருவது, பிக்சலால் வருவதல்ல.

வீட்டில் என்ன ஓடுகிறது என்று எழுதுங்கள்

பேனலில் 83 லட்சம் பிக்சல் இருந்தாலும் உள்ளே வருகிற படத்தில் அத்தனை இருந்தால்தானே? சாதாரண எஸ்டி சேனல் 720 × 576, நாலே கால் லட்சத்துக்கும் குறைவு. அதை 4கே திரையில் போட்டால் இருபது பிக்சலில் ஒன்றுக்குத்தான் நிஜமான தகவல் இருக்கும். மீதிப் பத்தொன்பதை டிவிக்குள் இருக்கும் சிப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அக்காவின் மாமனார் பார்ப்பது முழுக்கச் செய்திச் சேனல், அதுவும் எஸ்டி. பெரிய 4கே டிவி வாங்கினால் அவருக்குப் படம் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் அதே குறைவான தகவல் இன்னும் பெரிதாக விரிகிறது. இதற்கு மருந்து விலை கூடிய டிவி இல்லை, அந்தச் சேனலுக்கு எச்டி இருந்தால் அதை எடுப்பதுதான். நம் டிடிஎச் எச்டி சேனல்கள் 1920 × 1080, அதாவது 4கேயில் கால் பங்கு. நல்ல டிவி இதை நன்றாகவே நிரப்பிவிடும்.

நிஜமான 4கே வருவது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாக. அதற்கும் நிபந்தனை உண்டு. நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமென்றால் பிரீமியம் பிளான் எடுக்க வேண்டும், 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஃபுல் எச்டிக்கு 5 போதும். யூடியூபில் 4கே படங்கள் இலவசமாகவே இருக்கின்றன. இந்தக் கணக்கையும் டிவி விலையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

பெட்டியில் எந்த வரியை நம்புவது?

பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது விளம்பரம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும். அதை ஒரு எழுத்து விடாமல் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும் எழுத்துதான் பல சமயம் வேறு பேனல் என்பதைக் காட்டும். அப்புறம் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த நம்பரைப் போட்டு விவரப் பக்கத்தைத் திறங்கள். விற்கிற தளத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே தேட வேண்டிய வார்த்தைகள் இரண்டுதான்: 'பேனல் ரெசல்யூஷன்' அல்லது 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்', அப்புறம் 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்'. நேட்டிவ் என்றால் அந்தப் பேனலுக்குப் பிறவியிலேயே உள்ளது. 'சப்போர்ட்', 'இன்புட்', 'டீகோடிங்', 'அப்ஸ்கேலிங்' என்ற வார்த்தைகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெல்லாம் டிவி எதை வாங்கிக்கொள்ளும் என்று சொல்பவை, எதைக் காட்டும் என்று சொல்பவை அல்ல.

சந்தேகம் தீரவில்லை என்றால் எண்ணியே பார்த்துவிடலாம். இதற்கு ஒரு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் போதும். வெள்ளைத் திரையின் மேல் ஸ்கேலை அழுத்தாமல் வைத்து, அரை சென்டிமீட்டருக்குள் குறுக்கே எத்தனை சிவப்புப் பட்டைகள் வருகின்றன என்று எண்ணுங்கள். 43 இன்ச் டிவியின் அகலம் ஏறக்குறைய 95 செ.மீ. அதில் 1920 பிக்சல் என்றால் ஒவ்வொன்றும் அரை மி.மீ., அரை சென்டிமீட்டரில் பத்து வரும். 4கே என்றால் கால் மி.மீ., இருபது வரும். வேறு அளவாக இருந்தால் திரையின் அகலத்தை மட்டும் டேப்பால் அளந்து 1920-ஆலும் 3840-ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள். மெனு எழுத்துகளை வைத்து முடிவு செய்ய வேண்டாம், 4கே டிவிகள் பலவும் மெனுவை மட்டும் ஃபுல் எச்டியில்தான் வரைகின்றன.

அன்று கடையில் 'ஃபுல் எச்டி, 4கே சப்போர்ட்' என்று எழுதிய முதல் பெட்டியின் டிவியை இப்படி எண்ணினோம். அக்காவின் பெரிய பையன்தான் எண்ணினான். மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கி, சிவப்பை மட்டும் விரல் வைத்து எண்ணினான். பத்து வந்தது. விற்பனையாளர் தம்பியும் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நானே இப்போதான் சார் இப்படிப் பார்க்கிறேன்" என்றார்.

ஹெர்ட்ஸ்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ரெஃப்ரெஷ் ரேட் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்ற எண். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படம் திரையில் நிற்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. 120 என்றால் 8.3. இந்தியாவில் சில பெட்டிகளில் 50 என்றும் இருக்கும். நம் சேனல்கள் 50-ஐ அடிப்படையாகக் கொண்டவை என்பதால் அப்படி. 50-ம் 60-ம் ஒரே ரகம்தான், 50 என்று பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

எண் கூடினால் என்ன லாபம்? 50 இன்ச் டிவியின் அகலம் 110 செ.மீ. கிரிக்கெட்டில் பந்து பவுண்டரிக்கு ஓடும்போது கேமரா பக்கவாட்டில் திரும்புகிறது. திரையின் ஒரு ஓரத்தில் தெரிந்த விளம்பரப் பலகை இரண்டு நொடியில் மறு ஓரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 55 செ.மீ. உங்கள் கண் அந்தப் பலகையைத் தொடர்ந்து சீராக நகர்கிறது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிநொடி அப்படியே நிற்கிறது, அதற்குள் கண் 9 மி.மீ. நகர்ந்துவிடுகிறது. அந்த 9 மி.மீ.தான் பலகை எழுத்துகளில் தெரியும் தேய்ப்பு. 120-ல் இது நாலரை மி.மீ.யாகக் குறையும்.

ஆனால் அந்தக் குறைவு கிடைக்க நொடிக்கு 120 வெவ்வேறு படங்கள் வர வேண்டும். சினிமா 24, நம் டிவி சேனல் 50, யூடியூபும் மொபைலில் எடுத்ததும் 30 அல்லது 60. இவற்றை 120 ஹெர்ட்ஸ் திரையில் போட்டால் ஒரே படத்தை இரண்டு முறை, ஐந்து முறை என்று திரும்ப வரையும், அவ்வளவுதான். நிஜமாகவே 120 படங்கள் தருவது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்றவையும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரும். வீட்டில் இவை இருந்தால் 120-க்குக் காசு கொடுப்பது நியாயம்.

சினிமா பார்ப்பவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. 24 என்பது 60-க்குள் சரியாக அடங்காது. அதனால் ஒரு படத்தை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் லேசான உதறல் தெரிவது இதனால். 120-ல் ஒவ்வொன்றும் ஐந்து முறை, சீராக இருக்கும். 'எம்இஎம்சி' என்று பெட்டியில் போட்டிருந்தால், நடுவில் இல்லாத படங்களை டிவியே ஊகித்து வரையும் வசதி. கிரிக்கெட்டுக்கு இது நன்றாக இருக்கும். சினிமாவுக்கு வைத்தால் படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், எனக்குப் பிடிப்பதில்லை. பிக்சர் செட்டிங்கில் மோஷன் என்ற இடத்தில் அணைத்துவிடலாம்.

சரி, இப்போது பெட்டியில் உள்ள 120. மூன்று விதமான 120 இருக்கின்றன.

முதலாவது, 'மோஷன் ரேட்' போன்ற பெயருக்குப் பக்கத்தில் வருவது. இது ஹெர்ட்ஸே இல்லை. பேனலின் வேகத்தையும் சிப்பின் வேலையையும் சேர்த்துக் கம்பெனி தானாகப் போட்டுக்கொள்ளும் மார்க். 60 ஹெர்ட்ஸ் பேனலுக்கும் 120, 240 என்று போடலாம். ஒரு கம்பெனியின் மார்க்கை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது.

இரண்டாவது, 'டிஎல்ஜி' என்று சேர்ந்து வருவது. டூயல் லைன் கேட் என்பதன் சுருக்கம். பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். திரையின் வரிகளை ஒவ்வொன்றாக வரையாமல் இரண்டிரண்டாக, இரண்டுக்கும் ஒரே தகவலைக் கொடுத்து வரைகிறது. பாதி வேலை மிச்சமாவதால் இரண்டு மடங்கு வேகம் வருகிறது. அதற்கு விலையாக 2160 வரிகள் 1080 ஆகின்றன. வேகமான கேமுக்கு இது பரவாயில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இதை '4கே, 120 ஹெர்ட்ஸ்' என்று ஒரே வரியில் படித்துவிட்டு வாங்கினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

மூன்றாவதுதான் நேட்டிவ் 120. இதற்கும் ஒரு துணை வேண்டும். 4கே படத்தை 120 வேகத்தில் அனுப்ப எச்டிஎம்ஐ 2.1 துளை தேவை, பழைய 2.0 துளையில் 4கேவுக்கு 60 வரைதான் போகும். அதற்காக 'எச்டிஎம்ஐ 2.1' என்று பார்த்ததும் முடிவு செய்துவிடக் கூடாது. 2.1-ன் வசதிகளில் ஏதாவது ஒன்று இருந்தாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள், 60 ஹெர்ட்ஸ் டிவியிலும் போட்டிருப்பார்கள். துளைக்குப் பக்கத்திலோ கையேட்டிலோ '4கே 120' என்று சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு லேப்டாப் உதவும், அதற்கும் 4கே 120 அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்து, டிவியில் அந்தத் துளைக்கு 'என்ஹான்ஸ்ட்' போன்ற ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷனை 3840 × 2160 ஆக்கி, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறங்கள். அங்கே 120 இருந்தால் துளை அதை ஏற்கிறது, பேனலும் அப்படியா என்பதை விவரப் பக்கத்தில் நேட்டிவ் எண்ணைப் பார்த்து ஒத்துப்பார்த்துவிடலாம். 1920 × 1080-க்கு மாற்றினால்தான் 120 வருகிறது என்றால், ஒன்று டிஎல்ஜி, இல்லை துளை பழசு. எதுவானாலும் 4கேயில் 120 கிடைக்காது.

ஒரு பென்டிரைவ் எடுத்துப் போங்கள்

லேப்டாப் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மொபைல் கேமராவை 4கே, 60 ஃப்ரேமில் வைத்து, பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போவதைப் பக்கவாட்டில் எடுங்கள். மொபைலை அசைக்காமல் பிடிக்க வேண்டும். அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், ஒப்பிடும் டிவி எல்லாவற்றிலும் அதையே ஓடவிடச் சொல்லுங்கள். பிக்சர் மோடை 'விவிட்'டிலிருந்து 'ஸ்டாண்டர்ட்'டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுத் தூரத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பஸ் நிற்கும்போது பெயர்ப்பலகை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது ரெசல்யூஷன். பஸ் ஓடும்போது அதே பலகையைப் படிக்க முடிகிறதா என்பது ரெஃப்ரெஷ் ரேட்டும் பேனலின் வேகமும். ஒரே படம், ஒரே தூரம், ஒரே மோட் என்று வைத்தால்தான் ஒப்பிட்டதாகும்.

நாங்கள் எடுத்துப் போனது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் ஒரு டவுன் பஸ். எட்டரை அடியை டேப்பால் அளந்து, தரையில் ஒரு செருப்பை அடையாளம் வைத்து, அங்கே நின்று பார்த்தோம்.

எதிரில் மூன்று டிவி. 43 இன்ச் ஃபுல் எச்டி ஒன்று. 43 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ் ஒன்று. மூன்றாவதும் 43 இன்ச் 4கேதான், அதில் 120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி என்று போட்டிருந்தது, விலை எல்லாவற்றையும்விடக் கூட. விற்பனையாளர் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். செருப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது நிற்கிற பஸ்ஸின் பலகை மூன்றிலும் ஒன்றுபோலவே படிக்க முடிந்தது. ஐந்தடிக்கு முன்னால் வந்து குந்திப் பார்த்தபோது ஃபுல் எச்டியில் மட்டும் எழுத்தின் வளைவுகள் சொரசொரப்பாக இருந்தன. ஓடுகிற பஸ் 60-லும் டிஎல்ஜியிலும் ஒரே மாதிரிதான் தேய்ந்தது. நாங்கள் கொடுத்தது 60 ஃப்ரேம் படம், 120-ஐ அது எங்கிருந்து காட்டும்?

மாமா சும்மா நிற்கவில்லை. "அந்த மூணாவது டிவி விலைக்கு வேற என்ன வரும் தம்பி?" என்று கேட்டார். பக்கத்து வரிசையில் ஒரு 50 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ் அதே விலைக்குள் இருந்தது. 43-க்கும் 50-க்கும் ஏழு இன்ச்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் இன்ச் என்பது மூலையிலிருந்து மூலைக்கு அளப்பது. திரையின் பரப்பில் அது 35 சதவீதம் அதிகம். 50 × 0.13-ல் பாதி 3.25 அடி, ஆக பாயில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பிக்சல் தெரியாது. வீட்டில் கேம் கன்சோல் இல்லை. அதையே எடுத்தார்கள்.

விளையாடப் பிளேஸ்டேஷன் இருந்து, பேனல் நேட்டிவ் 120 ஆக இருந்திருந்தால் நானே அதை எடுக்கச் சொல்லியிருப்பேன். 32 இன்ச் வாங்குகிறவர்களுக்கும் கணக்கு மாறும். 32 இன்ச் எச்டி ரெடியில் பிக்சல் மறைய ஏறக்குறைய ஆறடி வேண்டும், ஃபுல் எச்டியில் நாலடி கொஞ்சம் கூட. பெட்ரூமில் கட்டிலிலிருந்து ஏழெட்டு அடியில் சீரியல் பார்க்க எச்டி ரெடியே போதும். மேசையில் வைத்துக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து வாங்குகிறவர்கள் ஃபுல் எச்டி பேனல்தானா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அங்கேதான் எனக்குத் தவறியது.

வீட்டுக்கு வந்தபின் மூன்று வேலை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக யூடியூபில் ஓடவிட்டு, மாறாமல் நிற்கும் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பில் எரிவதும் வெள்ளையில் அணைந்திருப்பதும் பழுதான பிக்சல். எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாரண்டி அட்டையில் இருக்கும்.

அடுத்தது, யூடியூபில் ஒரு 4கே படத்தைப் போட்டு, செட்டிங்கில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். 'கரன்ட்' என்ற இடத்தில் `3840x2160` என்று வர வேண்டும். `1920x1080` என்றே நின்றால் பெரும்பாலும் வைஃபை வேகம்தான் காரணம்.

மூன்றாவது வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ ஆண்ட்ராய்டு பாக்ஸோ வைத்திருந்தால் அது எப்போதும் 60-லேயே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். 50 ஃப்ரேமில் வரும் கிரிக்கெட்டை 60-ஆக்க, நொடிக்குப் பத்து படங்களை இரண்டு முறை காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா திரும்பும்போதெல்லாம் சின்னச் சின்னத் தடுக்கல் தெரிவது இதனால்தான், டிவியைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஸ்டிக்கின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்' என்றோ 'மேட்ச் கன்டென்ட் ஃப்ரேம் ரேட்' என்றோ ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அக்கா வீட்டில் மாட்டிய மறுநாளே மாமா போன் செய்தார், பந்து விட்டுவிட்டு ஓடுகிறது, 120 உள்ளதையே எடுத்திருக்கலாமோ என்று. அந்தத் தேர்வைப் போடச் சொன்னேன். திரை ஒரு நொடி கறுப்பாகி மறுபடி வந்தது. ஒரு ஓவர் பார்த்துவிட்டு, "இப்ப சரியா ஓடுது" என்று வைத்துவிட்டார்.